நெருக்கடி வந்தால் எது கைகொடுக்கும்: பவுணா, திறைசேரி உண்டியலா, டொலரா?

2022 மார்ச் 7ஆம் திகதி வரை கொழும்பு வங்கிகளில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபாவில் நின்றது. நின்றது என்பதைவிட நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதே சரி. அன்றிரவு மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதம் அதே டொலர் 360 ரூபாவைத் தொட்டது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அந்தச் சில வாரங்களில் பவுண் வைத்திருந்தவர், அரசாங்கத்துக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிவரும் கடனாகக் காசு கொடுக்கும் திறைசேரி உண்டியல் வைத்திருந்தவர், வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருந்தவர் ஆகிய மூவரின் நிலையும் மூன்று விதமாகப் போனது.

முதலீட்டுப் புத்தகங்கள் தங்கம், அரசாங்கக் கடன் பத்திரம், வலுவான நாணயம் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, சந்தை ஆட்டம் காணும்போது ஒதுங்கும் இடங்கள் என்று சொல்லும். நியூயோர்க்கிலோ சூரிச்சிலோ இருப்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். கொழும்பில் இருப்பவர் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: வந்திருக்கும் நெருக்கடி உலகத்தினுடையதா, நம் நாட்டினுடையதா? பதிலைப் பொறுத்து இந்த மூன்றின் வரிசையே மாறிவிடும்.

முதலில் உலக நெருக்கடி. 2020 மார்ச்சில் கொரோனாப் பயத்தில் பங்குச் சந்தைகள் விழுந்தபோது தங்கம் ஏறும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் மார்ச் 9ஆம் திகதியளவில் அவுன்ஸ் 1,680 டொலருக்கு அருகில் இருந்த தங்கம், பத்து நாளில் 1,470 அளவுக்கு இறங்கியது. 2008இலும் இதேதான். அந்த வருட மார்ச்சில் 1,000 டொலரைத் தொட்ட தங்கம் ஒக்டோபரில் 700 டொலர் பக்கம் வந்து நின்றது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களிடம் தரகர்கள் உடனே காசு கட்டச் சொல்வார்கள். பங்கை விற்றால் பெரிய நட்டம், அதனால் கையில் எது சுலபமாக விற்குமோ அதை விற்பார்கள். தங்கம் எந்த நேரத்திலும் விற்கும். விற்கக்கூடிய பொருள் என்பதாலேயே அது விழுகிறது. அந்த அவசரம் அடங்கியதும்தான் தங்கம் தன் வேலையைக் காட்டும். 2020 ஓகஸ்டில் அது 2,000 டொலரைத் தாண்டியது.

அந்த முதல் சில வாரங்களில் உண்மையாகக் கைகொடுத்தது டொலர்தான். உலகெங்கும் பெருமளவு கடன் டொலரில் இருந்ததால் பலருக்கும் டொலர் வேண்டியிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளும் பொதுவாக இப்படிப்பட்ட நேரத்தில் விலை ஏறும். ஆனால் 2020 மார்ச் நடுப்பகுதியில் சில நாட்கள் அவையும் விழ, அமெரிக்க மத்திய வங்கி பெருமளவில் வாங்கித்தான் சந்தையைத் தூக்கி நிறுத்தியது. 2022இல் பணவீக்கத்துக்காக வட்டியை உயர்த்தியபோது பங்கும் முறியும் சேர்ந்தே விழுந்தன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா புதிய இறக்குமதித் தீர்வைகளை அறிவித்தபோது அமெரிக்க முறியும் டொலரும் ஒன்றாகச் சரிய, தங்கம் 3,500 டொலரை எட்டிப் பார்த்தது. பிரச்சினை எந்த நாட்டில் தொடங்குகிறதோ, அந்த நாட்டின் கடதாசி அப்போது புகலிடமாக இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இலங்கையில் இருப்பவர் மறக்கக்கூடாத விசயம் இது.

இனி நம் ஊர்க் கணக்கு. செட்டியார் தெருவில் சொல்லும் பவுண் விலைக்குள் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒரு பவுண் என்பது 8 கிராம், அதாவது ஒரு அவுன்ஸில் கால் பங்குக்குச் சற்றுக் கூட. உலகச் சந்தையின் அவுன்ஸ் விலையை 0.2572 ஆல் பெருக்கி, வருவதை டொலரின் ரூபாப் பெறுமதியால் பெருக்கினால் 24 கரட் பவுணின் அடிப்படை விலை கிடைக்கும். இறக்குமதி வரியும் வியாபாரியின் இலாபமும் அதற்கு மேல். ஆகவே கொழும்பில் பவுண் வாங்குபவர் தங்கத்தோடு சேர்த்து, தெரிந்தோ தெரியாமலோ, டொலரையும் வாங்குகிறார். உலகச் சந்தையில் தங்கம் விழுந்தாலும் ரூபா அதைவிட வேகமாக விழுந்தால் இங்கே பவுண் ஏறும். 2022இல் அதுதான் நடந்தது. மார்ச்சில் 2,000 டொலரைத் தாண்டிய அவுன்ஸ் செப்டெம்பரில் 1,650க்குக் கீழே போனது. உலகத்துக்கு அது தங்கம் விழுந்த வருடம். நம் வீடுகளிலோ யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒரு பத்து இலட்சத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 2022 ஜனவரித் தொடக்கம். 364 நாள் திறைசேரி உண்டியலில் போட்டிருந்தால் வட்டி 8.2 சதவீதமளவு. அடுத்த ஜனவரியில் 10 இலட்சத்து 82 ஆயிரம், சொன்னபடியே, சொன்ன நாளில் கைக்கு வந்திருக்கும். அரசாங்கம் வெளிநாட்டுக் கடனை நிறுத்தியபோதும் பொதுமக்களின் உண்டியல் ஒன்றையும் கட்டாமல் விடவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 54 சதவீதம் ஏறிவிட்டது. போன வருடம் 10 இலட்சத்துக்கு வாங்கிய சாமானுக்கு இப்போது 15 இலட்சத்து 40 ஆயிரம் வேண்டும். காசு பத்திரமாக வந்தது, அதன் பெறுமதியில் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விட்டது.

அதே காசுக்குப் பவுண் வாங்கியிருந்தால்? அப்போது அவுன்ஸ் 1,820 டொலரளவு. வங்கி விலை 203 என்றாலும் வியாபாரிகளுக்கு அந்த விலையில் டொலர் கிடைக்கவில்லை. வெளிச்சந்தை விலையில்தான் தங்கம் வந்தது. அதை 240 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பவுண் 1 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா, பத்து இலட்சத்துக்கு ஒன்பது பவுணுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு வருடத்தின் பின் அவுன்ஸ் 1,900, டொலர் 363. பவுண் 1 இலட்சத்து 77 ஆயிரம், கையிலிருப்பதன் பெறுமதி 15 இலட்சத்து 80 ஆயிரம். பணவீக்கத்தோடு கிட்டத்தட்டச் சமம். தங்கம் ஒருவரையும் பணக்காரராக்கவில்லை, இருந்ததைக் காத்துக் கொடுத்தது. கட்டிப் பவுணாகவோ நாணயமாகவோ வாங்கியவருக்குத்தான் இந்தக் கணக்கு. நகையாக வாங்கியவர் கூலிக்கும் சேதாரத்துக்கும் பத்திலொரு பங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். வேலைப்பாடு கூடினால் அதைவிடவும் போகும். அப்படிப் பார்த்தால் அவருடைய 15 இலட்சத்து 80 ஆயிரம் 14 இலட்சத்துச் சொச்சமாகிவிடும், விற்கும்போது கடைக்காரர் கழிப்பது வேறு.

டொலருக்குக் கணக்கு இன்னும் நல்லாயிருக்கும், ஆனால் வாசல் சிறியது. கையில் ரூபா இருக்கிறது என்பதற்காக வங்கிக்குப் போய் டொலர் வாங்கிச் சேமிக்க இங்கே வழியில்லை. தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வெளியிலிருந்து வந்த பணத்தைத்தான் வைக்கலாம். மகன் அனுப்புவது, வெளிநாட்டில் உழைத்தது, வரும்போது முறைப்படி காட்டிக் கொண்டுவந்தது போன்றவை. கையில் நோட்டாக வைத்திருக்கக்கூடிய எல்லையையும் 2022 ஜூனில் 15,000 டொலரிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். கறுப்புச் சந்தையில் வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்பது ஒன்று, நெருக்கடி முற்றிய நேரத்தில் அங்கே வாங்குபவர் உச்ச விலைக்கே வாங்குகிறார் என்பது இன்னொன்று. ஆகவே நாணயம் என்ற தெரிவு, வெளியிலிருந்து பணம் வரும் குடும்பங்களுக்கு மட்டுமே உண்மையான தெரிவு. அவர்களுக்கு அது மிக நல்ல தெரிவு. 2022 ஜனவரியில் வந்த 4,000 டொலரை அன்றே மாற்றியிருந்தால் 8 இலட்சத்து 12 ஆயிரம். கணக்கில் விட்டு ஒரு வருடத்தின் பின் மாற்றியிருந்தால் 14 இலட்சத்து 52 ஆயிரம்.

எந்த நாட்டுப் பணம் என்பதும் முக்கியம். நம்மவர்களுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வருகிறது. ரூபா தனியாக விழும்போது மூன்றும் காப்பாற்றும். உலகமே ஆடும்போது மூன்றும் ஒன்றல்ல. கனேடிய டொலர் எண்ணெய் விலையோடு சேர்ந்து போகும் நாணயம், 2020 மார்ச்சில் அமெரிக்க டொலருக்கு எதிராக நன்றாகவே இறங்கியது. ஸ்ரேலிங் பவுண்ட்ஸ் அதே மாதம் விழுந்தது. 2022 செப்டெம்பரில் லண்டனின் வரவுசெலவுக் குழப்பத்தில் அது வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. சுவிஸ் பிராங்க் அப்படியல்ல, உலகம் பயப்படும்போது அதைத் தேடி வருவார்கள். யென்னையும் புத்தகங்கள் அப்படியே சொல்லும். ஆனால் 2022இல் ஜப்பான் வட்டியை உயர்த்தாமல் இருக்க, டொலருக்கு 115 யென் என்றிருந்தது 150 ஆகிவிட்டது.

அரசாங்கப் பத்திரம் என்றாலும் அதற்குள் மூன்று வகை இருப்பதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. திறைசேரி உண்டியல் 91, 182, 364 நாட்களுக்கானது. வட்டி ஏறினால் சில மாதத்தில் காசு திரும்பி வரும், புதிய வட்டியில் போடலாம். திறைசேரி முறி வருடக் கணக்கானது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 11 சதவீத வட்டியுள்ள பத்து வருட முறியை 100 ரூபாவுக்கு வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். சந்தை 25 சதவீதம் கேட்கும் நாளில் அதை விற்கப் போனால் ஏறத்தாழ 50 ரூபாதான் கிடைக்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் 100 வரும், ஆனால் நெருக்கடியில் காசு தேவைப்படுபவர் பத்து வருடம் காத்திருக்க முடியாது.

மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாந்தார்கள். இலங்கை அபிவிருத்தி முறிகள் என்று நம் அரசாங்கமே உள்ளூரில் டொலரில் விற்ற பத்திரங்கள் இருந்தன. அரசாங்கப் பத்திரம், டொலரிலும் இருக்கிறது, வட்டியும் கூட. இரண்டு புகலிடம் ஒன்றாகக் கிடைத்ததுபோல் தெரிந்தது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அவை சிக்கின. போட்ட முதல் தொகையில் ஒரு பகுதியை இழக்கச் சம்மதிப்பது, மிகக் குறைந்த வட்டியில் நீண்ட காலம் காத்திருப்பது, அல்லது ரூபாப் பத்திரமாக மாற்றிக்கொள்வது என்ற தெரிவுகளே கிடைத்தன. அரசாங்கத்தால் ரூபாவை அச்சடிக்க முடியும், டொலரை அச்சடிக்க முடியாது. அதனால் நம் நாட்டு நெருக்கடியில் அரசாங்கத்தின் ரூபாக் கடனில் பெறுமதி கரையும், டொலர்க் கடனில் முதலே கரையலாம். எந்த நாணயம் என்று மட்டும் பார்க்காமல், கடன்காரர் யார் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் திறைசேரி உண்டியல் வேண்டாம் என்று தோன்றலாம். அது தவறு. 2022 நவம்பரில் 364 நாள் உண்டியல் 29 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. அன்று பத்து இலட்சம் போட்டவருக்கு ஒரு வருடத்தில் 12 இலட்சத்து 90 ஆயிரம். அதற்குள் பணவீக்கம் நாலு சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, டொலரும் 363இலிருந்து 327 அளவுக்கு இறங்கிவிட்டது. டொலரில் எண்ணினால் அவருடைய காசு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அதே வருடம் பவுணில் இருந்தவருக்குப் பத்து சதவீதத்துக்கும் குறைவுதான் மிச்சம். நாணயம் விழ முன்னர் தங்கம் காக்கும், விழுந்து முடிந்து வட்டி ஏறியபின் குறுங்கால உண்டியல் கொடுக்கும். அன்று உண்டியல் வாங்கியவர்கள் உண்மையான ஆபத்து ஒன்றை ஏற்றுத்தான் வாங்கினார்கள். பொதுமக்களின் உண்டியல் மறுசீரமைப்பில் சேராது என்பது 2023 ஜூன் கடைசியில்தான் உறுதியானது. ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் தப்பவில்லை.

பவுணுக்கும் அதற்கேயான இடைஞ்சல்கள் உண்டு. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்ததும் செட்டியார் தெரு பூட்டிக் கிடந்தது. அவசரத்துக்கு விற்க நினைத்தவருக்கு வாங்க ஆளில்லை. அடகு வைப்பது விற்பதைவிட நல்லது என்று நம் ஆட்கள் நினைப்பது பெரும்பாலும் சரிதான், நகை கைவிட்டுப் போகாது. ஆனால் விலை உச்சத்தில் நிற்கும்போது முழு மதிப்புக்கும் அடகு வைப்பது ஆபத்து. 2013 ஏப்ரலில் தங்கம் இரண்டு நாளில் அவுன்ஸுக்கு 200 டொலரளவு இறங்கியபோது, அடகுக் கடனும் வட்டியும் நகையின் விலையைத் தாண்டிய வீடுகள் பல. மீட்காமல் விட்டார்கள், நகைகள் ஏலத்துக்குப் போயின, வங்கிகளும் நட்டப்பட்டன.

1983ஐக் கண்ட குடும்பங்கள் பவுணைப் பார்க்கும் கண் வேறு என்பதும் எனக்குத் தெரியும். வீட்டையும் கடையையும் விட்டு ஓடியவர்கள் கொண்டுபோகக்கூடியதாக இருந்தது நகை மட்டும்தான். அந்தத் தேவைக்கு எந்தப் பத்திரமும் ஈடாகாது. ஆனால் அதற்காக வைத்திருக்கும் பவுணையும், பணவீக்கத்துக்குத் தடுப்பாக வாங்கும் பவுணையும் தனித்தனியாக எண்ண வேண்டும். முதலாவதை விலை பார்த்து விற்கக் கூடாது, இரண்டாவதை விலை பார்த்துத்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும்.

உண்டியல் விற்கும் மேசையில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் அக்கா, தனியார் கம்பனியொன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், சேமலாப நிதி நாற்பது இலட்சத்தோடு வந்தார்.

“தம்பி, எல்லாரும் பவுண் வாங்கி வை எண்டுதான் சொல்லினம். பாதிக் காசுக்கு வாங்கட்டோ?”

“அக்கா, வீட்டிலை ஏற்கெனவே எவ்வளவு இருக்கு?”

தாலிக்கொடி, காப்புகள், மகளுக்கென்று எடுத்து வைத்தது எல்லாம் சேர்த்து இருபது பவுண் வரும் என்றார். மகன் சூரிச்சில், மாதம் பிராங்க் அனுப்புகிறார், அதை அவர் அப்படியே ரூபாவாக்கிச் செலவழிக்கிறார்.

அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 304 ரூபா என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 22 கரட்டில் இருபது பவுண் 57 இலட்சம். அவருடைய சேமலாப நிதியைவிடக் கூட. அவருடைய சொத்தில் அரைவாசிக்கு மேல் அப்போதே தங்கம், இன்னும் இருபது இலட்சத்தை அதில் போட்டால் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஒரே பொருளில் போய்விடும், அதுவும் விலை நன்றாக ஏறியபின் வாங்கியதாக. அவரிடம் குறைவாக இருந்தது மாதச் செலவுக்கு வேண்டிய ரூபாவும், ரூபா விழுந்தால் எடுக்கக்கூடிய வெளிநாட்டுப் பணமும்.

அதனால் பவுண் வாங்க வேண்டாம் என்றேன். பத்து இலட்சம் வங்கி வைப்பில் இருக்கட்டும், வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் என்பதால் ஒரே இடத்தில் அதற்கு மேல் வேண்டாம். மிச்சம் முப்பது இலட்சத்தை நாலாகப் பிரித்து 91 நாள், 182 நாள் உண்டியல்களில், ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் முதிரும்படி போடலாம். வட்டி ஏறினால் அடுத்த முதிர்விலேயே பயன் கிடைக்கும், அவசரமென்றால் ஒன்றைத்தான் இடையில் விற்க வேண்டி வரும். மகன் அனுப்பும் பிராங்கில் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிவிட்டு மீதியைப் பிராங்காகவே கணக்கில் விடலாம். இந்தக் கடைசி மாற்றத்துக்கு அவருக்கு ஒரு சதமும் செலவில்லை, ரூபா இன்னொரு முறை விழுந்தால் முதலில் உதவப்போவதும் அதுதான்.

நகைகளின் நிறையையும் கரட்டையும் பரிசோதித்து எழுதி வைக்கவும் சொன்னேன். இருபது பவுண் என்று நினைத்திருப்பது கல்லும் அரக்கும் கழித்தால் பதினேழாக இருப்பது சாதாரணம்.

இந்தப் பிரிப்பை எப்போது மாற்றுவது என்று அக்கா கேட்டார். 2021 கடைசியில் தெரிந்த அறிகுறிகளைத்தான் சொன்னேன். நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு 3.1 பில்லியன் டொலராகக் குறைந்திருந்தது, அதிலும் பாதியளவு எளிதில் செலவழிக்க முடியாத சீன நாணயப் பரிமாற்று ஏற்பாடு. மத்திய வங்கி தன் தங்கத்திலேயே பாதிக்கு மேல் விற்றுவிட்டிருந்தது. வங்கியின் டொலர் விலைக்கும் வெளியே கேட்கும் விலைக்கும் நாற்பது ரூபா வித்தியாசம். புதன்கிழமை உண்டியல் ஏலத்தில் கேட்ட தொகை சேராமல், மிச்சத்தை மத்திய வங்கியே வாங்கிக்கொண்டிருந்தது. 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டம் அப்படி நேரடியாக வாங்குவதைத் தடுத்துவிட்டதால், இனி அந்த அழுத்தம் ஏல வட்டியிலேயே தெரியும். புதன் பின்னேரம் முடிவு மத்திய வங்கியின் இணையத்தளத்தில் வரும். கேட்ட தொகைக்கும் ஏற்ற தொகைக்கும் இடைவெளி வாராவாரம் கூடி, 91 நாள் வட்டியும் தொடர்ந்து ஏறி, வெளிச்சந்தை டொலரும் விலகிப் போனால், அடுத்து முதிரும் உண்டியலை மட்டும் புதுப்பிக்காமல் கட்டிப் பவுணாக மாற்றலாம். மூன்றில் ஒன்று மட்டும் நடந்தால் ஒன்றையும் அசைக்கத் தேவையில்லை.